எண்பத்தெட்டுக்கு ஒன்பது

எடைமேடை அக்காவிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு "கிட்டத்தட்ட" என்று சேர்த்தால் போதும், அன்றைக்கு உங்களுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும். ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் கிட்டத்தட்டவுக்கு எங்கே இடம்?

"பார்த்துப் போடுங்கக்கா" என்று டிரைவர்கள் ஜன்னல் வழியே இளிப்பார்கள்.

"பார்த்துத்தான் போடறேன். அதான் உனக்கு வயித்தெரிச்சல். வண்டியை எடு."

அவள் பெயர் என்னவென்று கேட்டால் பாதி டிரைவர்களுக்குத் தெரியாது. எடைமேடை அக்கா, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்று, தம்பிக்கு ஒன்பது. வந்த வரன்களெல்லாம் "தம்பியும் கூடவே வருவானா?" என்று கேட்டன. வருவான் என்றாள். வரன்கள் நின்றுபோயின. இதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கோபம் வரும். "நானா அழுதேன்? நீங்க ஏன் அழறீங்க?" என்பாள்.

கிரிக்கெட்டுக்கும் அவளைக் கொண்டுவந்தது தம்பிதான். பதினைந்து வயதில் அவன் படிப்பை விட்டுவிட்டு மைதானமே கதியென்று கிடந்தான். காதைப் பிடித்து இழுத்துவரப் போனாள். போன இடத்தில், எழுத ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்த எவனோ ஸ்கோர் நோட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி, ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு கூட்டல், கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தம்பியை இழுத்துவர மறந்துவிட்டாள். அன்றிலிருந்து இருபத்தொரு வருஷமாக அவன் அடித்த ஒவ்வொரு ரன்னும் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. லீக் சங்கம் புள்ளிப் பட்டியலையும் அவளிடமே ஒப்படைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷத்தில் ஒரு பிழை கிடையாது. இதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள், கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்து, சங்கத்தின் அறைக்கு அவள் வந்தபோது மணி மூன்றரை. மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கும் அறை அது. கூரை சாய்வாக இருக்கும், உயரமானவர்கள் ஒரு பக்கம் குனிந்துதான் நிற்க வேண்டும். உள்ளே ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, கதவு சரியாக மூடாத ஒரு இரும்பு பீரோ. செயலாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு டியூஷன் சார்.

டியூஷன் சார் மார்க்கெட் அணியின் மேனேஜர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். மீதிப் பாதி அவருக்குப் பயந்து வேறு பாடம் எடுத்தவர்கள்.

விஷயம் இதுதான். ஆறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை மோதியாகிவிட்டது. ஜெயித்தால் இரண்டு புள்ளி, மழையில் நின்றுபோனால் ஆளுக்கு ஒன்று. முதல் இரண்டு இடத்துக்கு வரும் அணிகள் சனிக்கிழமை இறுதி ஆட்டம் ஆடும். மில் அணி ஐந்தையும் ஜெயித்துப் பத்துப் புள்ளியோடு மேலே உட்கார்ந்துவிட்டது. அடுத்து பஸ் டிப்போ அணியும் மார்க்கெட் அணியும் ஆளுக்கு மூன்று வெற்றி, ஆறு புள்ளி. சம புள்ளி என்றால் ரன்ரேட்தான் தீர்ப்பு. ஓவருக்கு எத்தனை அடித்தாய் என்பதிலிருந்து ஓவருக்கு எத்தனை கொடுத்தாய் என்பதைக் கழி, யாருக்கு அதிகமோ அவர் மேலே. பட்டியலில் டிப்போவுக்கு 0.625. மார்க்கெட்டுக்கு 0.196. ஆகவே டிப்போ.

டிப்போ அணியில்தான் தம்பி ஆடுகிறான். அங்கே மெக்கானிக். முப்பத்தாறு வயதாகிறது, முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை, இந்த வருஷத்தோடு சரி என்று சொல்லிவிட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு இறுதி ஆட்டம்கூட அவன் ஆடியதில்லை. முதல் ஆட்டத்திலேயே கேட்ச் பிடிக்கப் போய் இடது கையில் இரண்டு விரல் முறிந்து, ஏழு வாரம் வெளியே உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். சனிக்கிழமை உன்னை இறக்குகிறேன் என்று கேப்டன் வாக்குக் கொடுத்திருந்தார்.

பட்டியல் போட்டவள் அக்கா, ஜெயித்தது தம்பியின் அணி. டியூஷன் சார் எதற்கு வந்திருக்கிறார் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவர். "சரி பார்க்கிறது என் உரிமை. அஞ்சு மணி வரைக்கும் ஆட்சேபணை சொல்லலாம்னு விதி இருக்கு."

"பாருங்க சார். நல்லா பாருங்க" என்று அக்கா பட்டியலை அவர் பக்கம் தள்ளினாள். அவளுக்கு உள்ளே கொதித்தது.

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஜெயிச்சது மொத்தம் பதினாலு. தோத்ததும் பதினாலு. மழை ஆட்டம் ஒண்ணு, ரெண்டு அணி வரியிலயும் இருக்கு. ஆக பதினஞ்சு ஆட்டம். ஆட்டத்துக்கு ரெண்டு புள்ளின்னா முப்பது." மேலிருந்து கீழாகப் புள்ளிகளைக் கூட்டினார். "பத்து, பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பது, கடைசி அணிக்குப் பூஜ்யம். சரி."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

டியூஷன் சார் அடுத்த பத்திக்குப் போனார். ஆறு அணிகளும் அடித்த ரன்களைக் கூட்டினார், ஆறு அணிகளும் கொடுத்த ரன்களைக் கூட்டினார். ஒருவர் அடித்தது இன்னொருவர் கொடுத்ததுதானே, இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒன்றாகத்தான் இருந்தது. ஆடிய ஓவர்களையும் வீசிய ஓவர்களையும் அதே மாதிரி கூட்டினார். அதுவும் பொருந்தியது. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"டிப்போ அடிச்சது அறுநூத்தி நாப்பத்தி நாலு. 91.4 ஓவர்." பேனா அங்கேயே நின்றது. "இதை எப்படி வகுத்தீங்க? தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலுன்னா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் குழி அது. 91.4 என்றால் தொண்ணூற்றொரு ஓவரும் நாலு பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, பத்து இல்லை.

"ஐநூத்தி அம்பது பந்து சார். அறுநூத்தி நாப்பத்தி நாலை ஆறால பெருக்கி ஐநூத்தி அம்பதால வகுத்தேன். ஏழு புள்ளி பூஜ்யம் ரெண்டு அஞ்சு. கொடுத்தது நூறு ஓவர்ல அறுநூத்தி நாப்பது, ஆறு புள்ளி நாலு. மிச்சம் 0.625."

"ம்." டியூஷன் சார் தலையாட்டினார். ஒரு மாணவன் சரியாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும், பிடிக்காத மாணவனாக இருந்தாலும். "எங்க அணியோட ஷீட்டை மட்டும் காட்டுங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அக்கா பீரோவிலிருந்து கோப்பை எடுத்தாள். ஸ்கோர் ஷீட்டுகள் தேதி வரிசையில் இருந்தன. மார்க்கெட் அணியைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் வாரம், மில் அணிக்கும் டிப்போவுக்கும் நடந்த ஆட்டம். டிப்போ துரத்தித் தோற்ற ஆட்டம். கடைசி வரியில் எழுதியிருந்தது: 88/9, 13.4 ஓவர்.

அவள் விரல் அங்கே நின்றது.

தோற்கும் அணி, கையில் ஒரு விக்கெட்டும், இருபது ஓவரில் ஆறுக்கு மேலும் மிச்சம் வைத்துக்கொண்டு எதற்கு வீட்டுக்குப் போகும்?

மேலே பார்த்தாள். பதினோராவது வரியில் தம்பியின் பெயர், அதற்கு எதிரே, ஆட இறங்கவில்லை என்பதற்கு ஒரு கோடு. அந்தக் கையெழுத்து அவளுடையது இல்லை. அன்றைக்கு முதல் பாதி முடிந்ததும் அவள் நோட்டை மில் அணியின் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் எடைமேடையில் லாரிக்கும் லாரிக்கும் நடுவில் உட்கார்ந்து இந்த ஷீட்டைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றினாள். அவளுக்கு ஒரு வழக்கம். விக்கெட் பத்தியில் பத்து இருந்தால்தான் அணி மொத்தமும் அவுட்டாகிச் சுருண்டதாக எடுத்துக்கொள்வாள். ஒன்பது என்று இருந்ததால் 13.4-ஐ அப்படியே எழுதிவிட்டாள்.

ஆனால் ஒன்பது விக்கெட் விழுந்து, பத்தாவதுக்கு இறங்க ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால், அந்த அணியும் சுருண்டதுதான். சுருண்ட அணிக்கு ஆடிய ஓவரைக் கணக்கில் எடுக்கக் கூடாது, முழு இருபதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் அவுட்டானவனுக்குத்தான் லாபம் என்றாகிவிடும். இது அவளுக்கு மனப்பாடமான விதி. பத்துப் பேருக்கு அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

டியூஷன் சாரின் கூட்டலில் ஏன் இது மாட்டவில்லை என்பதும் அந்தக் கணமே அவளுக்குப் புரிந்தது. அதே 13.4 டிப்போ ஆடியதிலும் இருக்கிறது, மில் வீசியதிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு. எத்தனை முறை கூட்டினாலும் பொருந்தும்.

"என்ன, கிடைக்கலையா?" என்றார் செயலாளர்.

"இருக்கு" என்று அக்கா அந்தத் தாளைத் திருப்பிவிட்டு, மார்க்கெட் அணியின் ஐந்து ஷீட்டுகளையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பட்டியலுக்குக் கீழே சிவப்பிலேயே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். "சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. பதினோரு வருஷமா சரியாப் போடறீங்கன்னு சொன்னாங்க. உண்மைதான்." கூரையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

மணி நாலு இருபத்தைந்து.

செயலாளர் நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார். "பேனருக்கு நேத்தே சொல்லிட்டேன். மில் அணியும் டிப்போவும்னு. நல்லவேளை."

அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பழைய எடைச் சீட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். 91.4-ஓடு 6.2 சேர்த்தால் தொண்ணூற்றெட்டு ஓவர் சரியாக வருகிறது. அறுநூற்று நாற்பத்து நாலை அதனால் வகுத்தால் 6.571. ஆறு புள்ளி நாலைக் கழித்தால் 0.171. மார்க்கெட்டுக்கு 0.196.

மறுபடியும் போட்டாள். அதுவேதான்.

யாருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. சந்தேகப்பட்டு வந்தவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். அஞ்சு மணிக்கு மேல் கடவுளே வந்தாலும் பட்டியலை மாற்ற முடியாது. வெறும் முப்பத்தைந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். தம்பி கட்டுப் பிரித்த கையோடு முந்தாநாள் அவள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் மட்டையைச் சுழற்றி விளக்கை உடைக்கப் பார்த்தான். முப்பத்தாறு வயது ஆளுக்குப் பதினைந்து வயது முகம். அவனுக்காக எதையெதையோ விட்டவள், ஷீட்டிலிருந்த இந்த ஒரு கோட்டைக் கண்டும் காணாமல் விட முடியாதா? விடத்தான் ஆசைப்பட்டாள். அதை ஒளித்து என்ன ஆகப் போகிறது? மனசார ஆசைப்பட்டாள்.

வெளியே ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் இருமும் சத்தம் கேட்டது. ஒருமுறை. இரண்டுமுறை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"சார்! போகாதீங்க!"

டியூஷன் சார் உதைத்துக்கொண்டிருந்த காலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"பட்டியல் தப்பு சார். நீங்கதான் ரெண்டாவது."

அவருக்குக் கோபம் வந்தது. முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தார். உள்ளே வந்து, அந்த ஷீட்டைப் பார்த்து, பதினோராவது வரியில் விரல் வைத்து, சீட்டின் பின்புறத்துக் கணக்கைச் சரிபார்த்த பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் அணி இறுதி ஆட்டத்துக்குப் போகிறது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இதை நான் பிடிக்கலையே" என்றார். "எல்லாத்தையும் கூட்டினேனே."

"கூட்டினா கிடைக்காது சார். தோத்தவங்க இருபது ஓவருக்கு முன்னாடி ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்கணும். நான் கேக்காம விட்டுட்டேன்."

செயலாளருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவரே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு! உனக்கு ஏன் இந்த வேலை? பேனர் அடிச்சாச்சு!"

"பேனரைத் திருப்பி அடிங்க."

"உன் தம்பிம்மா!"

"எனக்குத் தெரியாதா யார் தம்பின்னு?" என்று அவள் போட்ட சத்தத்தில் செயலாளர் பின்னுக்குச் சாய்ந்தார்.

புதிய தாளில் பட்டியலை மறுபடியும் எழுதினாள். டிப்போ ஆடிய ஓவரில் 6.2 கூட்டல், மில் வீசிய ஓவரில் 6.2 கூட்டல். மில் அணிக்கு ரேட் இன்னும் ஏறியது, அவர்கள் ஏற்கெனவே உச்சியில் இருப்பவர்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஓவர் பத்திகள் இரண்டும் மறுபடியும் பொருந்தின. வெற்றி பதினாலு, தோல்வி பதினாலு, புள்ளி முப்பது. இரண்டாவது வரியில் மார்க்கெட், மூன்றாவது வரியில் டிப்போ. பழைய பிழை யாருடையது என்று கீழே ஒரு வரி எழுதி, தன் பெயரைப் போட்டாள். மூவரும் கையெழுத்திட்டபோது மணி நாலு ஐம்பது.

டிப்போ கேப்டனுக்குச் செயலாளர் போன் போட எடுத்தார். "தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று அக்கா கிளம்பினாள்.

மைதானத்தின் மறுகோடியில் வலை கட்டியிருந்தார்கள். தம்பி இடது கையின் இரண்டு விரல்களையும் சேர்த்துப் பட்டை ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மட்டையை உயர்த்திக் காட்டினான்.

"பாத்தியா அக்கா, வலியே இல்ல!"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வலைக்கு வெளியே வந்தான். அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஷீட்டில் இருந்த ஒன்பது, தான் விட்ட பிழை, டியூஷன் சார் கையெழுத்து, தான் ஓடிப்போய் நிறுத்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தம்பி ஒட்டியிருந்த பட்டையின் ஓரத்தை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"நீதான் கூப்பிட்டியா?"

"நான்தான் கூப்பிட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எத்தனை ரன்ல போச்சு?"

எடைச் சீட்டின் பின்புறத்தில் கடைசி வரியாக அதையும் அவள் போட்டுப் பார்த்திருந்தாள். அந்த ஆட்டத்தில் டிப்போ எண்பத்தெட்டுக்குப் பதிலாக எத்தனை எடுத்திருந்தால் மார்க்கெட்டைத் தாண்டியிருக்கும் என்று. தொண்ணூறு போதாது. தொண்ணூற்றொன்று எடுத்திருந்தால் 0.202, தாண்டியிருக்கும். இப்போது நாற்பது என்று சொல்லலாம். ஐம்பது என்று சொல்லலாம். அவன் சரிபார்க்கப் போவதில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் சொன்ன எண்ணை அவன் சரிபார்த்ததே இல்லை.

"மூணு" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"மூணா?"

"மூணு ரன்."

"அன்னிக்குக் கடைசி ஆளா இறங்கறேன்னு சொன்னேன்லக்கா."

"சொன்னே."

"பேடு கட்டிட்டு உக்காந்திருந்தேன். நீதானே வந்து கழட்டினே."

"ஆமா. நான்தான் கழட்டினேன்." அவள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். "விரல் ரெண்டும் பின்பக்கமா வளைஞ்சு தொங்குச்சுடா. இன்னிக்குக் கேட்டாலும் கழட்டத்தான் செய்வேன்."

"தெரியும்" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. மட்டையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்தான். "மூணு ரன்னை ஒத்தைக் கையால அடிச்சிருப்பேன்க்கா."

இல்லை, அடித்திருக்க மாட்டாய், முதல் பந்திலேயே போயிருப்பாய் என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இருபத்தொரு வருஷமாக அவன் ரன்களை எழுதியவள் அவள்தான். அடித்திருப்பான். அது வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.